300 பெட்டிக்கு 1000 பெட்டியின் ரேட்: ஒரு சிறு ஆர்டரில் தள்ளுபடியை மறுத்த நிகழ்வு

இது எங்கள் அச்சுக்கூடத்தில் நடந்தது. சோப்பு தயாரிக்கும் ஒரு சிறு வாடிக்கையாளர் 300 அட்டைப்பெட்டிகளுக்கு, 1000 பெட்டிக்கான விலையைக் கேட்டார். மறுத்தோம். முதலில் மறுத்த விதம் தவறு, இரண்டாவது முறை மறுத்த விதம் ஓரளவு சரி. இரண்டுக்கும் நடுவே நாங்கள் என்ன யோசித்தோம் என்பது இதே வேலையில் இருப்பவர்களுக்குப் பயன்படலாம் என்று தோன்றியதால் முழுவதையும் எழுதி வைக்கிறேன்.

விலைகளை எந்தப் பணத்திலும் சொல்லப் போவதில்லை. எண்ணிக்கை வரம்புக்கு ஒரு விலை என்று பிரித்திருப்பதை ஸ்லாப் என்போம், எங்களுடைய மிகச் சிறிய ஸ்லாபில் ஒரு பெட்டியின் விலையை 100 என்று வைத்துக்கொள்வோம். மற்ற எண்கள் எல்லாம் அந்த 100-க்கு ஒப்பானவை.

## பின்னணி

நாங்கள் செய்வது மடிப்பு அட்டைப்பெட்டி. அட்டையில் ஆஃப்செட்டில் அச்சடித்து, டை எனப்படும் வெட்டு அச்சை வைத்து வெட்டி, ஓரம் ஒட்டி, தட்டையாகக் கட்டி அனுப்புவோம். விலைப்பட்டியலில் நான்கு ஸ்லாப் உண்டு. 250 முதல் 499 வரை பெட்டிக்கு 100, 500 முதல் 999 வரை 84, 1000 முதல் 2499 வரை 70, அதற்கு மேல் 62. 250-க்குக் கீழே நாங்கள் எடுப்பதில்லை.

இந்த வாடிக்கையாளர் அதற்கு முன் ஒரு முறை 300 பெட்டி வாங்கியிருந்தார். அப்போது டைக்கான பணத்தைத் தனியாக வாங்கிக்கொண்டோம். டை எங்களிடம் இருக்கிறது, ஆனால் அது அவருக்குச் சொந்தம். முதல் ஆர்டர் சிக்கலில்லாமல் முடிந்தது. பணம் உரிய நாளில் வந்தது, பெட்டியைப் பற்றிப் புகாரும் இல்லை. மூன்று மாதம் கழித்து அதே பெட்டி, அதே அளவு, மறுபடி 300 வேண்டும் என்று கொட்டேஷன் கேட்டார்.

## கேட்ட விதம்

கொட்டேஷன் அனுப்பிய மறுநாள் அவர் எழுதிய பதிலில் மூன்று விஷயங்கள் இருந்தன.

ஒன்று, மூன்று மாதத்துக்கு 300 என்றால் வருடத்துக்கு 1200 பெட்டி, அதனால் 1000-க்கான 70 ரேட்டைத் தனக்கும் தர வேண்டும். இரண்டு, இது ரிப்பீட் ஆர்டர். டை ஏற்கெனவே செய்தாயிற்று, டிசைனும் மாறவில்லை. அப்புறம் எதற்கு முதல் முறை போட்ட அதே விலை? மூன்றாவது கடைசி வரியில் இருந்தது. தனக்குத் தெரிந்த ஒருவருக்கு 300 பெட்டியை நாங்கள் 84-க்குப் போட்டுக் கொடுத்ததாகக் கேள்விப்பட்டேன் என்று எழுதியிருந்தார்.

முதல் இரண்டும் நியாயமான கேள்விகள். வெளியே இருந்து பார்க்கிற யாருக்கும் அப்படித்தான் தோன்றும். வருடக் கணக்கைச் சொல்லி பேரம் பேசுகிறவர்களில் சிலர் வெறும் ஆசை காட்டுவார்கள். இவர் அப்படி இல்லை. மாதம் ஏறக்குறைய 100 சோப்பு விற்கிறார் என்பது முதல் ஆர்டரின்போதே தெரியும். அவர் சொன்ன 1200 உண்மையான எண்தான்.

## முதல் பதில்

அன்று நான் அலுவலகத்தில் இல்லை. விற்பனையைப் பார்த்துக்கொள்ளும் சக ஊழியர் இரண்டே வரியில் பதில் போட்டுவிட்டார். "எங்கள் விலைக் கொள்கைப்படி 1000 பெட்டிக்குக் குறைவான ஆர்டருக்கு அந்த விலை தர இயலாது. புரிதலுக்கு நன்றி."

அதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் கேட்டவர் மூன்று காரணம் சொல்லிக் கேட்டிருந்தார், பதிலில் ஒன்றுக்கும் விடை இல்லை. மாலையில் அவரிடமிருந்து வந்த செய்தி இது: "பெரிய ஆர்டர் தருகிறவர்களுக்கு மட்டும்தான் விலை என்றால் அதை நேராகவே சொல்லியிருக்கலாம் சார். சின்ன ஆள் என்பதால் பதில்கூட ஒழுங்காக வராது என்று புரிந்துகொள்கிறேன்."

இதைப் படித்தபோது எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஸ்லாப் என்பது ஆர்டரின் அளவைப் பொறுத்தது. ஆளின் அளவைப் பொறுத்தது அல்ல. பெரிய நிறுவனம் ஒன்று வந்து 300 கேட்டாலும் 100-தான். ஆனால் காரணம் சொல்லாமல் விட்டால் எதிரே இருப்பவர் அந்த வெற்றிடத்தில் தனக்குத் தெரிந்த காரணத்தைத்தான் போட்டுக்கொள்வார். 'கொள்கை' என்ற சொல் அதற்கு இடம் கொடுத்துவிட்டது.

## கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தது

பதில் எழுதும் முன் முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. 70-க்குக் கொடுத்தால் எங்களுக்கு உண்மையிலேயே கட்டுப்படியாகாதா, அல்லது பழக்கத்தால் மறுக்கிறோமா? பட்டியல் போட்டு இரண்டு வருடம் ஆகியிருந்தது. அதனால் அந்த வேலையின் பழைய ஜாப் கார்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம்.

ஒரு தாளில் ஆறு பெட்டி வரும். 300 பெட்டிக்கு 50 நல்ல தாள் போதும். ஆனால் நிறம் நிலைப்படவும், ஒரு நிறத்தின் மேல் இன்னொரு நிறம் சரியாக உட்காரவும், அச்சு இயந்திரத்தில் 50, 60 தாள் ஓடிப் போகும். டை வெட்டும் இயந்திரத்தில் அழுத்தம் சமமாகும்வரை இன்னும் பத்துப் பதினைந்து. ஆக 50 நல்ல தாளுக்காக 70 தாள் வேஸ்டேஜ். விற்கிற தாளைவிட எறிகிற தாள் அதிகம். 1000 பெட்டி என்றால் நல்ல தாள் 167, வேஸ்டேஜ் ஏறக்குறைய அதே 70. பெட்டி மூன்று மடங்குக்கு மேல் கூடுகிறது. தாளோ இரண்டு மடங்குதான் ஆகிறது.

நேரமும் இதே மாதிரிதான். பிளேட்டை மாட்டி, மை போட்டு, நிறம் சேர்த்து எடுக்க ஒன்றரை மணி நேரம். டையைப் பொருத்தி, மடிப்புக் கோடு விழும் இடங்களைச் சரி செய்து, வெட்டு சரியாக விழாத இடங்களுக்கு அடியில் மெல்லிய டேப் ஒட்டி நிரவ இன்னொரு மணி நேரம். அதற்கப்புறம் அச்சு இயந்திரம் மணிக்கு 5000 தாள் வேகத்தில் ஓடுகிறது. 50 தாள் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ஒரு நிமிட ஓட்டத்துக்கு ஒன்றரை மணி நேரத் தயாரிப்பு.

இந்தத் தயாரிப்பு எல்லாவற்றையும், வேஸ்டேஜ் தாளையும் பிளேட்டையும் சேர்த்து, செட்டிங் என்போம். அதன் செலவு ஒரு ஆர்டருக்கு 9000. நல்ல அட்டை, மை, ஒட்டுதல், கட்டுதல் ஆகியவை பெட்டிக்கு 44.

300 பெட்டி என்றால் செட்டிங் பெட்டிக்கு 30 விழும். 44-ஐச் சேர்த்தால் அடக்கம் 74. 100-க்கு விற்றால் பெட்டிக்கு 26 மிஞ்சும், மொத்தம் 7800. வாடகை, அலுவலகச் சம்பளம், இயந்திரப் பழுது எல்லாம் இதற்குள்தான். அவர் கேட்ட 70-க்குக் கொடுத்தால் பெட்டிக்கு 4 கை நஷ்டம். ஆர்டர் முழுவதற்கும் 1200 போகும். அதே 70-க்கு 1000 பெட்டி போட்டால் செட்டிங் பெட்டிக்கு 9 ஆகி, அடக்கம் 53-க்கு இறங்குகிறது. பெட்டிக்கு 17 மிஞ்சுகிறது.

வருடத்துக்கு 1200 என்ற வாதத்துக்கும் இதிலேயே விடை வந்துவிட்டது. ஒரே தடவையில் 1200 அடித்தால் செட்டிங் ஒரு முறை, 9000. நான்கு தடவையாக 300 அடித்தால் நான்கு முறை, 36,000. வருடக் கடைசியில் பெட்டிகளின் எண்ணிக்கை ஒன்றுதான். ஆனால் இயந்திரத்தை நான்கு முறை அவிழ்த்து மாட்டியிருப்போம். மொத்தமாக வாங்கி விற்கிற சரக்கு என்றால் வருட அளவைப் பார்த்து விலை குறைப்பதில் அர்த்தம் உண்டு, ஏனென்றால் அங்கே வாங்குகிறவரின் விசுவாசத்துக்கே ஒரு மதிப்பு இருக்கிறது. ஒவ்வொரு ஆர்டருக்கும் புதிதாகத் தயாராக வேண்டிய வேலையில் அது செல்லாது.

ரிப்பீட் ஆர்டர் பற்றிய கேள்விக்கும் இதுதான் பதில். டைக்கு அவர் தனியாகப் பணம் கொடுத்துவிட்டார். 100-க்குள் டையின் விலை இல்லை. மறுபடி மறுபடி வருவது அதைப் பொருத்தும் வேலை.

## 84-க்குக் கொடுத்த பழைய ஆர்டர்

கடைசி வரியில் அவர் சொன்னதை விசாரித்தபோது அது உண்மை என்று தெரிந்தது. ஐந்து மாதத்துக்கு முன் ஒருவருக்கு 300 பெட்டியை 84-க்குக் கொடுத்திருக்கிறோம். ஜாப் கார்டில் எந்தக் காரணமும் எழுதப்படவில்லை. சக ஊழியரைக் கேட்டேன். மாதக் கடைசி, வேலை குறைவாக இருந்தது, அவர் விடாமல் கேட்டார், அதனால் அடுத்த ஸ்லாபின் ரேட்டைப் போட்டுவிட்டேன் என்றார். அந்த ஆர்டரில் மிஞ்சியது 3000. நஷ்டம் இல்லை, ஆனால் மாதச் செலவுகளுக்கு அது போதாது.

அதைவிடப் பெரிய சேதம் இப்போது எங்கள் முன்னால் இருந்தது. அடக்கத்தைப் பார்த்துப் போட்ட விலைப்பட்டியல், விடாமல் கேட்டால் இறங்கும் பட்டியல் என்று வெளியே தெரிந்துவிட்டது. ஒரே தொழிலில் இருக்கும் சிறு தயாரிப்பாளர்கள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வார்கள். எந்த ரேட்டும் அதிக நாள் ரகசியமாக இருக்காது. 100 கொடுத்தவர், 84 கொடுத்தவர் என்று இரண்டு பேர் ஒரே அளவு ஆர்டரில் இருந்தால், 100 கொடுத்தவர் தான் ஏமாந்ததாகத்தான் நினைப்பார். அப்படி நினைப்பதில் தவறும் இல்லை.

இவருக்கும் 84 கொடுத்துவிடலாமா என்று பேசினோம். சக ஊழியர் அதைத்தான் விரும்பினார். கசப்பு தீரும், 3000 மிஞ்சும், ஆள் கையை விட்டுப் போக மாட்டார். மூன்றும் உண்மை. ஆனால் கொடுத்தால் 300-க்கான விலை இனி 84-தான். அடுத்து வரும் 300-க்கும் அதற்கடுத்த 300-க்கும் அதையே கேட்பார்கள். அதோடு, அவருக்கு நாங்கள் சொல்லப் போகும் செட்டிங் கணக்கு முழுவதும் அந்த நிமிடமே பொய்யாகிவிடும். காரணத்தைச் சொல்லிவிட்டு அடுத்த வரியில் அதற்கு மாறாக விலை போட்டால், அடுத்த முறை எந்தக் காரணத்தையும் அவர் நம்பத் தேவையில்லை.

## எடுத்த முடிவுகள்

விலை 100-லேயே நிற்பது என்று முடிவு செய்தோம். ஆனால் ஏன் என்பதை முழுதாகச் சொல்லிவிடுவது.

எவ்வளவு சொல்வது என்பதில்தான் அதிக நேரம் யோசித்தேன். முதலில் நான் எழுதியதில் 44, 9000 எல்லாம் இருந்தன. அனுப்பும் முன் எடுத்துவிட்டேன். மறைக்க வேண்டும் என்பதற்காக அல்ல. அடக்க விலையைக் காட்டினால் பேச்சு அதற்குப் பிறகு எங்கள் மீதத்தைப் பற்றியதாக மாறிவிடும். 26 எதற்கு, 15 போதாதா என்று கேட்க அவருக்கு உரிமை வந்துவிடும், எனக்கும் நல்ல பதில் இருக்காது. அவருக்குப் பயன்படுவது வேறு. எது ஒவ்வொரு முறையும் திரும்ப வருகிறது, எது அளவோடு கூடுகிறது என்பதுதான் அவர் தன் பக்கம் முடிவெடுக்கத் தேவை. அதற்குத் தாளும் நேரமும் போதும்.

இரண்டாவது, 1000 போடச் சொல்லித் தூண்டக் கூடாது என்று தீர்மானித்தோம். மறுத்த கையோடு 'அப்போ 1000 எடுத்துக்கொள்ளுங்கள்' என்பது எளிது. 300-க்கு மொத்தம் 30,000, 1000-க்கு 70,000. பெட்டிக்கு 30 மிச்சம் என்று காட்டினால் பலர் எடுத்துவிடுவார்கள். ஆனால் மாதம் 100 விற்பவருக்கு அது பத்து மாத இருப்பு. பெட்டியின் மேல் எடை, சேர்மானப் பட்டியல், விற்பனை விலை எல்லாம் அச்சாகியிருக்கிறது. பத்து மாதத்தில் அதில் ஒன்று மாறினாலும் மீதிப் பெட்டிகள் வீண். அட்டையும் ஈரம் பட்டால் வளைந்துவிடும். கையிருப்புப் பணம் முழுவதையும் பெட்டியில் போட்டுவிட்டு அவர் சோப்புக்கான எண்ணெய் வாங்கத் திணறினால் அடுத்த ஆர்டரே வராது.

மூன்றாவது, உண்மையிலேயே எங்களுக்குச் செலவு குறைகிற வழி ஏதாவது இருந்தால் அந்த அளவுக்கு மட்டும் விலையைக் குறைப்பது. ஒரு வழி இருந்தது. அதே அட்டையில், அதே நிறங்களில் வேறு ஒரு வேலை ஓடும் நாளில் இதையும் சேர்த்து ஓட்டினால் மை கழுவும் வேலையும் வேஸ்டேஜில் ஒரு பகுதியும் மிச்சமாகும். கணக்குப் போட்டதில் சுமார் 2000 குறையும், பெட்டிக்கு ஆறேமுக்கால் அளவு. அப்படிக் காத்திருக்கச் சம்மதித்தால் 94 தரலாம்.

84 ஆர்டரைப் பற்றி என்ன எழுதுவது? இன்னொருவரின் விலையை இவரிடம் பேச முடியாது. மறுக்கவும் முடியாது, ஏனென்றால் நடந்தது. உறுதியும் செய்யாமல் பொய்யும் சொல்லாமல், 300-க்கான விலை இனி எல்லோருக்கும் ஒன்றுதான் என்று எழுதினோம்.

## அனுப்பிய பதில்

அனுப்பியது இது.

"வணக்கம். நேற்று வந்த பதிலில் நீங்கள் கேட்டதற்கு விளக்கம் இல்லை. அது எங்கள் தவறு, மன்னிக்கவும்.

300 பெட்டிக்கு 70 தர முடியவில்லை. காரணம் இது. உங்கள் 300 பெட்டி 50 தாளில் வந்துவிடும். ஆனால் நிறமும் வெட்டும் சரியாக வருவதற்குள் சுமார் 70 தாள் வீணாகும், இரண்டரை மணி நேரம் தயாரிப்பு வேலை இருக்கும். 300 போட்டாலும் 1000 போட்டாலும் இந்தச் செலவு ஒன்றுதான். 1000 பெட்டியில் அது பரவிவிடுவதால் அங்கே விலை குறைகிறது. நான்கு முறை 300 போட்டால் இந்த வேலை நான்கு முறை வருகிறது, அதனால் வருடக் கணக்கை வைத்து விலை போட முடிவதில்லை. டைக்கு நீங்கள் முன்பே கொடுத்துவிட்டீர்கள். அதற்கு மறுபடி எதுவும் வாங்கவில்லை.

பிறருடைய ஆர்டரைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை. உங்கள் ஆர்டர் விவரத்தையும் வெளியே சொல்ல மாட்டோம். 250 முதல் 499 வரை பெட்டிக்கு 100 என்பது இனி எல்லோருக்கும் ஒரே மாதிரி இருக்கும்.

உங்களுக்கு அவசரமில்லை என்றால், மூன்று வாரத்துக்குள் இதே அட்டை ஓடும் ஒரு நாளில் சேர்த்து அடித்து 94-க்குத் தரலாம். 500 போட்டால் பெட்டிக்கு 84. ஆனால் அது உங்களுக்கு ஐந்து மாத இருப்பு. அதற்குள் எடையோ சேர்மானமோ மாற வாய்ப்பிருந்தால் 300-ஏ நல்லது என்பது எங்கள் கருத்து.

100, 150 பெட்டி மட்டும் போதுமானால் டிஜிட்டலில் அடிப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள். எங்களிடம் அந்த இயந்திரம் இல்லை."

கடைசிப் பத்தி வேண்டாம் என்று சக ஊழியர் சொன்னார். வேறு இடத்துக்கு நாமே அனுப்புவானேன் என்பது அவர் கேள்வி. டிஜிட்டலில் பிளேட் இல்லை, நிறம் சேர்க்கும் வேஸ்டேஜும் மிகக் குறைவு, ஆகவே சின்ன எண்ணிக்கைக்கு அங்கே விலை படியும். அது அவருக்கு எப்படியும் தெரிய வரும் விஷயம். நாங்களே சொன்னால், மேலே சொன்ன கணக்கும் உண்மை என்பதற்கு அதுவே சாட்சியாக இருக்கும் என்று நினைத்தேன். அப்படியே விட்டோம்.

## அதன் பிறகு

ஒன்பது நாள் பதில் இல்லை. நாங்களும் தொந்தரவு செய்யவில்லை. ஆர்டர் போய்விட்டது என்றுதான் எண்ணியிருந்தோம்.

பத்தாவது நாள் போனில் வந்தார். டிஜிட்டலில் ஒரு கொட்டேஷன் வாங்கியிருக்கிறார். அச்சுக்கு மட்டும் குறைவாகச் சொன்னார்கள், வெட்டவும் ஒட்டவும் வெளியே கொடுக்க வேண்டும் என்றதும் மொத்தத்தில் எங்கள் விலையைத் தாண்டிவிட்டது என்றார். 94-க்குக் காத்திருக்க அவரால் முடியவில்லை, கையிலிருந்த பெட்டி பத்து நாளைக்குத்தான் வரும். ஆக 300 பெட்டியை 100-க்கே எடுத்தார். நாங்கள் மௌனமாக இருந்த ஒன்பது நாள் போகாமல் இருந்திருந்தால் அவர் 94-க்கு எடுத்திருக்கலாம். இதைத் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் அந்த இழப்பு அவருடையது, காரணம் எங்களுடையது. 94 தரலாம் என்று எழுதிய நாங்கள், எந்தத் தேதிக்குள் சொல்ல வேண்டும் என்று எழுதவில்லை.

அந்தப் போனில் அவர் இன்னொன்று கேட்டார். "சார், வேஸ்டேஜ் ஒவ்வொரு டிசைனுக்கும் தனித்தனியா வருமா?" ஆமாம் என்றேன். சரி என்று வைத்துவிட்டார்.

அந்தக் கேள்வியின் அர்த்தம் மூன்று மாதம் கழித்துத்தான் புரிந்தது. அடுத்த ஆர்டரின்போது இன்னொரு நறுமணத்தில் இரண்டாவது சோப்பைத் தொடங்கியிருந்தார். அதற்கு 200 பெட்டி போதும், ஆனால் எங்கள் குறைந்தபட்சம் 250. பழைய வழியில் இரண்டு டிசைன் என்றால் 300-க்கு 30,000, 250-க்கு 25,000, மொத்தம் 55,000. அவர் செய்தது வேறு. இரண்டு சோப்புக்கும் பொதுவாக ஒரே பெட்டி வரைந்து, முன்பக்கத்தில் ஓர் இடத்தை வெறுமையாக விட்டு, நறுமணத்தின் பெயரும் சேர்மானப் பட்டியலும் உள்ள ஸ்டிக்கரைத் தானே ஒட்டிக்கொள்வதாகச் சொன்னார். 500 பெட்டி, ஒரே செட்டிங், 84 ரேட், மொத்தம் 42,000. 13,000 மிச்சம், அதில் ஸ்டிக்கர் செலவு போக மீதி அவருக்கு. இரண்டு சோப்பும் சேர்ந்து விற்பதால் 500 பெட்டி ஐந்து மாதம் கிடக்கவும் போவதில்லை. சேர்மானம் மாறினாலும் வீணாவது ஸ்டிக்கர்தான், பெட்டி அல்ல.

எங்களுக்கும் 300-ல் மிஞ்சியது 7800, இந்த 500-ல் மிஞ்சியது 11,000. இந்த வழி எங்கள் யாருக்கும் தோன்றவில்லை என்பதையும் பதிவு செய்ய வேண்டும். செட்டிங் எதற்காக வருகிறது என்று தெரிந்ததால், அவர் தன் பெட்டியை அதற்கேற்ப மாற்றிக்கொண்டார்.

84-க்கு வாங்கிய அந்தப் பழைய வாடிக்கையாளர் அதற்கிடையில் மறுபடி 300 கேட்டார். அவருக்கும் இதே விளக்கத்தை எழுதி, சென்ற முறை போட்ட ரேட் எங்கள் தவறு, அதற்காக எதுவும் திருப்பிக் கேட்கவில்லை, இனி 100 என்று சொன்னோம். அவர் ஏற்கவில்லை. முதலில் குறைத்துக் கொடுத்துவிட்டுப் பிறகு ஏற்றுவது சரியில்லை என்றார். நான்கு மாதமாக ஆர்டர் இல்லை. கோபப்பட அவருக்குக் காரணம் இருக்கிறது. மறுப்பது முதல் முறையே நடந்திருந்தால் இவ்வளவு கசப்பு வந்திருக்காது.

## மாற்றியவை, இன்னும் மாற்றாதவை

கொட்டேஷன் தாளில் இப்போது ஸ்லாபுக்குக் கீழே மூன்று வரி சேர்த்திருக்கிறோம். தயாரிப்பு வேலையும் வீணாகும் தாளும் ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரே அளவு, அதனால்தான் எண்ணிக்கை கூடும்போது விலை குறைகிறது என்பது அதன் சாரம். கேட்ட பிறகு விளக்கினால் சாக்குப் போலத் தெரிகிறது. விலையோடு சேர்ந்தே வந்தால் அப்படித் தெரிவதில்லை. தள்ளுபடி கேட்பவர்கள் குறையவில்லை, ஆனால் 'வருடத்துக்கு இவ்வளவு' என்ற வாதம் குறைந்திருக்கிறது.

பட்டியலில் இல்லாத ரேட் யார் போட்டாலும் ஜாப் கார்டில் காரணம் எழுத வேண்டும் என்று வைத்தோம். செலவில் எது குறைந்தது என்று ஒரு வரி. எழுத முடியாவிட்டால் அந்த ரேட் கிடையாது. சக ஊழியருக்கு இது ஒரு விதத்தில் உதவியாக இருக்கிறது என்கிறார். வற்புறுத்துகிறவரிடம் என்ன சொல்வது என்று தடுமாற வேண்டியதில்லை. காத்திருந்தால் 94 என்ற சலுகையில் இப்போது பதில் சொல்ல வேண்டிய கடைசித் தேதியும் சேர்ந்து போகிறது. அதற்கு முந்தைய நாள் ஒரு முறை நினைவூட்டுகிறோம்.

இந்தக் கணக்கைப் போட்டபோது பட்டியலிலேயே ஒரு குறை கண்ணில் பட்டது. 500 பெட்டிக்கு மொத்தம் 42,000. 450 பெட்டிக்கு 45,000. அதாவது 420-ஐத் தாண்டியவுடன், 500 வாங்குவதைவிடக் குறைவாக வாங்குகிறவர் அதிகம் கொடுக்கிறார். அதேபோல 833-ஐத் தாண்டினால் 1000 போடுவதே மலிவு. 440 கேட்டவரிடம் நாங்கள் இதைச் சொல்லாமலே 44,000 வாங்கிய ஆர்டர்கள் பழைய கோப்பில் இரண்டு இருந்தன. அந்த இரண்டு பேருக்கும் மீதிப் பணத்தை அடுத்த ஆர்டரில் கழித்துக்கொள்வதாக எழுதிவிட்டோம். இப்போது 420-க்கு மேல் யார் கேட்டாலும் 500-க்கான மொத்தத்தையும் பக்கத்தில் காட்டுகிறோம், பெட்டி மிஞ்சினால் வைத்துக்கொள்ளலாம் என்று.

இதற்குச் சரியான தீர்வு ஸ்லாபையே எடுத்துவிட்டு, செட்டிங்குக்கு ஒரு தொகை, பெட்டிக்கு ஒரு விலை என்று இரண்டாகப் பிரித்துப் போடுவது. அப்போது எந்த இடத்திலும் விலை திடீரென்று குதிக்காது. 300-க்கு ஏன் இந்த விலை என்ற கேள்விக்கும் கொட்டேஷனே பதில் சொல்லிவிடும். இன்னும் அதைச் செய்யவில்லை. மாதிரிக்கு இரண்டு புதிய வாடிக்கையாளருக்கு அப்படி அனுப்பிப் பார்த்ததில், இருவருமே பெட்டி விலையை மட்டும் பார்த்துவிட்டு, செட்டிங் தொகையைத் தள்ளுபடி செய்ய முடியுமா என்றுதான் முதலில் கேட்டார்கள்.